இருபதாயிரம் ரூபாய் போன் மூன்று ஆண்டில் எவ்வளவு செலவு வைக்கும்?

போன் வாங்கும்போது விலையை மட்டும்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அதை வைத்திருக்கும் காலமெல்லாம் ஆகும் செலவையும், கடைசியில் விற்றால் கையில் வரும் பணத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது நமக்கு எவ்வளவு பிடிக்கிறது என்பது தெரியும்.

ஜி.எஸ்.டி. உட்பட 20,000 ரூபாய்க்கு ஓர் ஆண்ட்ராய்டு போன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பவுச் ஒன்றரை ஆண்டில் மஞ்சளாகித் தளர்ந்துவிடும். இரண்டு பவுச்சுக்கு 600 ரூபாய். மூன்று முறை டெம்பர்டு கிளாஸ் ஒட்டினால் 450. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். டிஸ்ப்ளே உடைந்தால் அதை மாற்றும் செலவு பல நேரங்களில் பழைய போனின் விலையைத் தாண்டிவிடும்.

அடுத்தது சார்ஜர். 2020-இல் ஐபோன் 12 வந்தபோது ஆப்பிள் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தது. அடுத்த ஆண்டே சாம்சங்கும் கேலக்ஸி எஸ்21 வரிசையில் அதையே செய்தது. இன்று நடுத்தர விலை போன்கள் பலவும் வெறும் கேபிளோடுதான் வருகின்றன. நல்ல சார்ஜருக்கு 1,300, இடையில் ஒரு புதுக் கேபிளுக்கு 400 என்று வைப்போம். ஆனால் வீட்டில் டைப்-சி சார்ஜர் இருந்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். சில கம்பெனிகளின் அதிவேக சார்ஜிங் அவர்களுடைய சார்ஜரில்தான் முழு வேகத்தில் நடக்கும். மற்றதில் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். இரவில் சார்ஜ் போடுபவருக்கு அந்த வேகம் தேவையே இல்லை. புதிதாக வாங்கினால் பி.ஐ.எஸ். முத்திரையும் R என்று தொடங்கும் பதிவு எண்ணும் அதன்மேல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இந்தக் கணக்கில் பெரும்பாலோர் மறப்பது பேட்டரியைத்தான். லித்தியம் அயன் பேட்டரியின் ஆயுளைச் சுற்றுகளில் அளப்பார்கள். நூறு சதவீதச் சார்ஜைச் செலவழித்தால் ஒரு சுற்று. இன்று ஐம்பது, நாளை ஐம்பது என்றாலும் சேர்ந்து ஒன்றுதான். 2025 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போன்களின் பேட்டரி 800 சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு தர வேண்டும் என்பது விதி. தினமும் ஒரு முழுச் சார்ஜ் தீர்ப்பவருக்கு 800 சுற்று இரண்டு ஆண்டு, இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். மதியத்துக்குள் சார்ஜ் இறங்குவதும், 20 சதவீதம் காட்டும்போதே போன் திடீரென்று அணைவதும் அதன் அறிகுறிகள். பின்பக்கம் உப்பித் தெரிந்தால் மட்டும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அழுத்தாமல், சார்ஜ் போடாமல் உடனே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். தீப்பிடிக்கக் கூடியது அது.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி மாற்ற 2,000 என்று கொள்வோம். தெருமுனைக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் போலி பேட்டரியில் அச்சிட்டிருக்கும் எம்.ஏ.ஹெச். அளவு உள்ளே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. போனைத் திறக்கும்போது தண்ணீர் புகாமல் காக்கும் பசையும் பிரிந்துவிடும்; புதிதாக ஒட்டித் தருவார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கூட்டினால், போனுக்கு மேல் ஆன செலவு 4,750. மொத்தம் 24,750.

இனி விற்பனை. பில், பெட்டி, கீறாத டிஸ்ப்ளே எல்லாம் இருந்தால் மூன்றாம் ஆண்டு முடிவில் 4,500 வரும் என்று வைக்கலாம். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனுக்கு அதுவும் வராது. பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 ஆகியவற்றுக்கு ஏழாண்டு அப்டேட் என்று கூகுளும் சாம்சங்கும் அறிவித்தன; விலை குறைந்த போன்கள் பலவற்றுக்கு அதில் பாதிகூட இல்லை. வாங்கும்போதே இதைக் கேட்க வேண்டும். விற்கும்போது கூகுள் கணக்கை நீக்கிவிட்டுப் பிறகு ரீசெட் செய்யுங்கள். இல்லையென்றால் வாங்கியவரால் போனைத் திறக்க முடியாது.

ஆக, நிகரச் செலவு 20,250. மாதத்துக்கு 560 ரூபாய்க்குச் சற்று மேல். விற்று வந்த பணம் பவுச், சார்ஜர், பேட்டரிக்கே சரியாகப் போய்விட்டது.

இதே போனை நான்காம் ஆண்டும் வைத்திருந்தால்? பவுச், கிளாஸுக்கு இன்னொரு 500 கூட்டி, விற்பனை விலையை 2,500 ஆகக் குறைத்தாலும் நிகரம் 22,750; மாதச் செலவு 475-க்குள் வந்துவிடுகிறது. புதுப் பேட்டரிக்குக் கொடுத்த 2,000 ரூபாய் விற்கும்போது திரும்பக் கிடைக்காது, கூடுதலாகப் பயன்படுத்தும் மாதங்களில்தான் கிடைக்கும். எனவே சில மாதங்களில் விற்கப்போகும் போனுக்குப் பேட்டரி மாற்றாதீர்கள். மாற்றிவிட்டால், அப்டேட் வரும்வரை அந்தப் போனை விற்காதீர்கள்.