லாபக் கணக்கு – 14: இரண்டு லட்சமா, பத்து லட்சமா?

ஒரு திட்டத்தைத் தனியே நிறுத்தி ஏற்பதா தள்ளுவதா என்று பார்க்கும்போது, நிகர நிகழ்கால மதிப்பும் உள்ளார்ந்த வருவாய் விகிதமும் பெரும்பாலும் ஒரே தீர்ப்பையே சொல்லும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். ஆனால், இரண்டில் ஒன்றையே ஏற்க முடியும் என்ற நிர்ப்பந்தம் நேர்ந்து, அவ்விரண்டும் அளவில் வெகுவாக வேறுபட்டும் இருக்குமாயின், இந்த ஒற்றுமை குலைந்துவிடுவதுண்டு.

காங்கேயம் பக்கத்தில் கொப்பரை ஆட்டும் என் நண்பர் ஒருவர், தம் கொட்டகையில் மிச்சமிருந்த ஒரே இடத்தில் 2 லட்சம் ரூபாய் எக்ஸ்பெல்லரை வைப்பதா, 10 லட்சம் ரூபாய் எக்ஸ்பெல்லரை வைப்பதா என்ற சந்தேகத்துடன் வந்தார். செலவெல்லாம் போகச் சிறியது ஆண்டுக்கு 80,000 ரூபாயும், பெரியது 3,30,000 ரூபாயும் தரும். 5 ஆண்டுகள் கழித்து இரண்டுமே பழைய இரும்பு. சிறியதன் விகிதம் நூற்றுக்குச் சுமார் 28½, பெரியதற்கோ 19½ கூட இல்லை.

"இருபத்தெட்டு கெடைக்கறத விட்டுப்போட்டு, பத்தொம்பதுக்கு எதுக்குங்க போகோணும்?" என்றார்.

நியாயமான கேள்விதான், ஆனால் 28½ என்பது 2 லட்சத்தின் மேல் கிடைப்பது என்பதை அந்த விகிதம் தன் வாயால் சொல்வதில்லை. பாங்கி வட்டியான 12 சதவிகிதத்தில் கழித்துப் பார்த்தால், சிறியதன் நிகர மதிப்பு சுமார் 88,000 ரூபாய், பெரியதனுடையதோ 1,89,000 ரூபாய். பெரியதை வாங்குவதென்பது சிறியதை வாங்கி, அதற்கு மேலும் 8 லட்சம் போட்டு, ஆண்டுக்கு 2,50,000 ரூபாய் கூடுதலாகப் பெறுவதற்குச் சமம். இந்த வித்தியாசத்துக்கு மாத்திரம் விகிதம் கண்டால் 17 வருகிறது. 1930-இல் இர்விங் ஃபிஷர் வட்டியைப் பற்றி எழுதிய நூலில், இரண்டு மார்க்கங்களின் வித்தியாசத்தைத்தான் இவ்விதம் அளந்தார். 12 சதவிகிதக் கடனில் 17 தரும் 8 லட்சத்தை வேண்டாமென்று தள்ளுவானேன்? 17-ஐ வட்டியாக வைத்துக் கழித்தால் இரண்டும் 56,000 ரூபாயை ஒட்டிச் சமமாகி, அதற்கு மேல் சிறியது முந்திவிடுகிறது.

கொட்டகையில் ஐந்து சிறியவற்றுக்கு இடமிருந்து, அத்தனைக்கும் கொப்பரையும் கிடைக்குமானால் கதையே வேறு. அதே 10 லட்சத்தில் நிகர மதிப்பு 4,40,000 ரூபாயைத் தாண்டியிருக்கும்.

பத்து நாள் கழித்து நண்பர் மீண்டும் வந்தார். பாங்கி 6 லட்சத்துக்கு மேல் தர மறுத்துவிட்டதாம். பாக்கி 4 லட்சத்தை வெளியில் இரண்டு ரூபாய் வட்டிக்கு, அதாவது ஆண்டுக்கு 24 சதவிகிதத்துக்கு, வாங்க வேண்டுமாம். சிறிய எக்ஸ்பெல்லரின் 2 லட்சம் எப்படியும் பாங்கிப் பணத்தில் அடங்கிவிடுமாதலால், கூடுதல் 8 லட்சத்தில் பாதி 12-க்கும் பாதி 24-க்குமாக, சராசரி 18 ஆகிறது.

"அப்ப, பதினேழு வாங்கறதுக்குப் பதினெட்டுக் குடுக்கோணும்ங்களா?" என்று கேட்டுவிட்டு, அன்றே சிறியதற்கு முன்பணம் கட்டினார்.