630 ரூபாய் எங்கே உதைக்கிறது?

மார்ச் 31. ஒரு ஹார்டுவேர் கடையில் ஆண்டுக் கணக்கு முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேரேட்டுக் கணக்குகளின் இருப்புகளை எல்லாம் இருப்பாய்வில் எழுதிக் கூட்டினால் பற்றுப் பக்கம் 4,86,720 ரூபாய். வரவுப் பக்கம் 4,86,090. 630 ரூபாய் உதைக்கிறது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் ஏப்ரல் மாத ரசீதிலிருந்து தேடத் தொடங்குவார். பழகிய கணக்கர் முடிவிலிருந்து பின்னோக்கிப் போவார். முதலில் இருப்பாய்வின் இரண்டு கூட்டலையும் மறுபடி போடுவார். அடுத்து, ஒவ்வோர் இருப்பும் சரியான தொகையில், சரியான பக்கத்தில் வந்திருக்கிறதா என்று பேரேட்டோடு ஒப்பிடுவார். ரொக்கமும் வங்கி இருப்பும் ரொக்க ஏட்டில் தனியாக இருப்பதால் அவை விடுபடுவது சகஜம். இந்தக் கடையில் அதெல்லாம் சரியாகவே இருக்கிறது.

இனி அந்த 630-தான் துப்பு.

அதே தொகை ஏதாவது ஒரு வரவுக் கணக்கில் ஏறாமல் விடுபட்டிருக்கலாம். துணை ஏடுகளில் 630 என்று எதுவும் இல்லை. அடுத்து அதில் பாதி, 315. வரவில் எழுத வேண்டிய 315 பற்றில் விழுந்தால் ஒரு பக்கம் குறையும், மறுபக்கம் கூடும். வித்தியாசம் இரட்டிப்பாகி 630 ஆகும். அப்படியும் எதுவும் சிக்கவில்லை.

மூன்றாவது, 9-ஆல் வகுப்பது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்காகவே வரும்: 81-ஐ 18 என்று எழுதினால் 63. இங்கே 630-ஐ 9-ஆல் வகுத்தால் 70. ஒன்று, 700 என்பது ஒரு சுழி விடுபட்டு 70 ஆகியிருக்க வேண்டும். அல்லது நூறாம், பத்தாம் இடங்களில் 7 வித்தியாசமுள்ள இலக்கங்கள் இடம் மாறியிருக்க வேண்டும்.

தேட வேண்டிய இடம் இப்போது சுருங்கிவிட்டது. பெயிண்ட் கான்ட்ராக்டர் ஒருவர் கொடுத்த 1,810 ரூபாய் ரொக்க ஏட்டில் சரியாக ஏறியிருக்கிறது. அவருடைய பேரேட்டுக் கணக்கிலோ 1,180 மட்டுமே வரவு. அவர் பாக்கி 630 ரூபாய் அதிகமாகக் காட்ட, பற்றுப் பக்கமும் அவ்வளவு வீங்கிவிட்டது.

பிழை உடனே அகப்படாவிட்டால் 630-ஐ அனாமத்துக் கணக்கில் வரவாக வைத்து இருப்பாய்வைச் சமன் செய்வார்கள். பிறகு தெரிந்ததும் அனாமத்துக் கணக்கைப் பற்று செய்து, கான்ட்ராக்டர் கணக்கில் வரவு வைத்தால் அது தீர்ந்துவிடும். இரண்டு மூன்று பிழைகள் கலந்திருந்தால் மட்டும் 2-ம் 9-ம் கைகொடுக்காது. அப்போது ஒவ்வொரு பதிவாக ஒப்பிட்டு டிக் போட வேண்டியதுதான்.

டேலி போன்ற மென்பொருள், இரு பக்கமும் சமமில்லாத வவுச்சரை ஏற்காது. அதில் பெரும்பாலும் உதைப்பது தொடக்க இருப்புகள்தான். திரையில் Difference in opening balances என்று அது தெரியும். ஆனால் இருப்பாய்வு சமமாக இருப்பதால் கணக்கு சரி என்று சொல்லிவிட முடியாது. ஒருவர் கட்டிய பணத்தை இன்னொருவர் கணக்கில் வரவு வைத்தாலும், கடைக்கு வாங்கிய தராசைச் சரக்குக் கொள்முதலில் சேர்த்தாலும், ஒரு பில்லை அடியோடு பதியாமல் விட்டாலும் இரண்டு பக்கமும் சமமாகவே நிற்கும்.