மூலை தூக்கும் ஏபிஎஸ்

200 மில்லிமீட்டர் நீளமும் 40 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு பெட்டியை த்ரீடி பிரிண்டரில் அச்சிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு உட்கார வேண்டும், சூடு தாங்க வேண்டும் என்பதால் ஏபிஎஸ் பிளாஸ்டிக். லெகோ கட்டைகள் செய்யும் அதே பொருள். முதல் சென்டிமீட்டர் ஒழுங்காக எழும்பியது. பிறகு பார்த்தால் ஒரு மூலைக்கு அடியில் நகம் நுழையும் அளவு இடைவெளி. முடிந்தபோது அந்த மூலை மூன்று மில்லிமீட்டர் மேலே நின்றது. ஜன்னலைப் பார்த்திருந்த மூலை அது. மற்ற மூன்றும் தட்டோடு ஒட்டியே இருந்தன.

சூடான ஏபிஎஸ் ஏறக்குறைய 240 டிகிரியில் நாசிலை விட்டு வெளியே வருகிறது. 105 டிகிரி வரை இறங்கும்போது அது எவ்வளவு சுருங்கினாலும் பிரச்சினை இல்லை. குழைவாக இருப்பதால் நெகிழ்ந்து கொடுத்துவிடும். அதற்குக் கீழே கெட்டியாகிறது. அதன் பிறகு வரும் ஒவ்வொரு சுருக்கமும் இழுவிசையாக உள்ளேயே தங்கிவிடும். ஒரு மீட்டர் ஏபிஎஸ், ஒரு டிகிரி குளிர்ந்தால் சுமார் 0.09 மில்லிமீட்டர் குறையும். என் பெட்டி 105 டிகிரியிலிருந்து அறையின் 30 டிகிரிக்கு வரும்போது, 200 மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 1.35 மில்லிமீட்டர் குறைய வேண்டும்.

மொத்தப் பெட்டியும் ஒரே நேரத்தில் குறைந்தால் அளவு மட்டும்தான் சிறிதாகும். ஆனால் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஏற்கெனவே சுருங்கி முடித்த அடுக்கின் மேல் சூடான புது அடுக்கு ஒட்டிக்கொண்டு, பிறகு தான் சுருங்குகிறது. மேல்பகுதி உள்நோக்கி இழுக்க, அடிப்பகுதி வர மறுக்க, காயும் இலையைப் போல ஓரங்கள் மேலே வளைகின்றன. நடுவில் இருபுறத்து இழுப்பும் சமமாகிவிடும். ஓரத்துக்கு அப்பால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. மூலையில் இரண்டு பக்கத்து இழுப்பும் சேர்கிறது. அதனால்தான் முதலில் பெயர்வது மூலை. கூர்மையான மூலையை வரைபடத்திலேயே வட்டமாக்கினால் தொல்லை கொஞ்சம் குறையும்.

பலரும் முதலில் நாடுவது பிரிம். தொப்பியின் விளிம்பு போல, பொருளின் அடியைச் சுற்றி ஒரே ஓர் அடுக்கில் அச்சிடும் பட்டை. எட்டு மில்லிமீட்டர் அகலம் வைத்தேன். மெல்லியது என்பதால் அதற்கென்று பெரிய இழுவிசை கிடையாது. பெயர்தல் இனி பெட்டியின் மூலையில் தொடங்க முடியாது, பிரிமின் வெளி ஓரத்தில்தான் தொடங்க வேண்டும். பிரிமுக்கும் பொருளுக்கும் நடுவே இடைவெளி விடும்படி மென்பொருளில் அமைத்திருந்தால் மட்டும் அது வீண்: பிரிம் தட்டில் ஒட்டியிருக்கும், பெட்டி தனியே எழும்பும்.

இரண்டாவது பெட்டியின் மூலைகள் அசையவில்லை. ஆனால் பாதி உயரத்தில் சுவரில் கிடைமட்டமாக ஒரு வெடிப்பு. இரண்டு அடுக்குகள் பிரிந்துவிட்டன. பிரிம் பிடித்துக்கொள்ளுமே தவிர, இழுப்பைக் குறைக்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடியில் வழி அடைபட்டதும் விசை வேறு வழி தேடிவிட்டது.

இழுப்பையே குறைப்பது கூண்டு. பிரிண்டரைச் சுற்றி மூடி, உள்ளே இருக்கும் காற்றை 60 டிகிரியில் வைத்தால், அச்சு நடக்கும்போது பெட்டி 105-லிருந்து 60 வரை மட்டுமே குளிர்கிறது. சுருக்கம் 0.8 மில்லிமீட்டருக்கு இறங்குகிறது. மீதிச் சுருக்கம் எல்லாம் முடிந்த பிறகு, முழுப் பொருளும் சேர்ந்து குளிரும்போது நடக்கும். அதில் வளைவு குறைவு. இதற்குப் பெரிய ஹீட்டர் தேவையில்லை. தட்டை 110 டிகிரிக்கு ஏற்றி, கதவை மூடி அரை மணி நேரம் காத்திருந்தால் சிறிய கூண்டு தானாகவே நன்றாகச் சூடேறும். பவர் சப்ளையை மட்டும் வெளியே வைக்க வேண்டும். பிஎல்ஏ-வில் செய்த உதிரிப்பாகங்கள் உள்ளே இருந்தால் அவையும் குழையும்.

கூண்டு காற்றோட்டத்தையும் தடுக்கிறது. என் முதல் பெட்டியில் நடந்தது அதுதான். ஜன்னல் காற்று ஒரு பக்கத்தை மட்டும் சீக்கிரம் கெட்டியாக்கியது. ஒரே ஒரு மூலை, அதுவும் எப்போதும் ஒரே திசையில் தூக்கினால் காற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்: ஜன்னல், மின்விசிறி, ஏசி. நான்கும் ஒன்றுபோலத் தூக்கினால் உள்வெப்பம் போதவில்லை. பிரிமே சேர்ந்து பெயர்ந்தால், தட்டில் விரல் எண்ணெய் படிந்திருக்கிறதா, முதல் அடுக்கு நன்றாக அழுந்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாசிலை ஒட்டி இருக்கும் குட்டி மின்விசிறியை ஏபிஎஸ்ஸுக்கு நிறுத்திவிடுவது, அல்லது மிக மெதுவாக வைப்பது நல்லது.

அச்சிடும்போது ஏபிஎஸ் ஸ்டைரீன் வாடையை விடும், அது மூச்சுக்கு நல்லதல்ல. அதற்காக நடுவில் கூண்டைத் திறந்தால் குளிர்காற்று நேராகப் பொருளின் மேல் படும். அச்சு நடக்கும்போது அந்த அறையில் உட்காராமல் இருப்பதையே நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

மூன்றாவது பெட்டியை எட்டு மில்லிமீட்டர் பிரிமோடு, மூடிய கூண்டில் அச்சிட்டேன். முடிந்ததும் கதவைத் திறக்கவில்லை. தட்டு 50 டிகிரிக்கு இறங்கும் வரை அப்படியே விட்டேன். பிறகு எடுத்து, பிரிமைக் கத்தியால் சீவி, கண்ணாடிப் பலகையில் வைத்தேன். நான்கு மூலைகளிலும் காகிதம் நுழையவில்லை.