ஸ்டீல் ராடை இழுத்தா வால்யூம் கூடுமா, குறையுமா?

ஒரு ரப்பர் பேண்டை இழுத்துப் பாருங்க. நீளம் கூடும், அகலம் குறையும். கண்ணுக்கே தெரியும். ஸ்டீல் ராடும் இதையேதான் செய்யுது, ஆனா கண்ணுக்குத் தெரியாத அளவுல செய்யுது. குறுக்கே ஏற்படுற ஸ்ட்ரெயினுக்கும், இழுக்கிற திசையில ஏற்படுற ஸ்ட்ரெயினுக்கும் உள்ள விகிதம்தான் பாய்சான் விகிதம். இதுவரைக்கும் எஸ்ஓஎம் பேப்பர் எழுதின எல்லாருக்கும் தெரியும்.

சரி, நீளம் கூடுது, விட்டம் குறையுது. அப்போ மொத்த வால்யூம் என்ன ஆகும்? கேட்டா பாதிப் பேர் சொல்ற பதில், "அங்க கூடினது இங்க குறைஞ்சு சரியாப் போயிடும், மாறாது" அப்படின்னுதான். சப்பாத்தி மாவை உருட்டி நீட்டுறது மனசுல இருக்கு போல. மாவுக்கும் ரப்பருக்கும் அது கிட்டத்தட்ட சரி. எலாஸ்டிக் லிமிட்டுக்குள்ள இருக்கிற ஸ்டீலுக்கு அது தப்பு. ஸ்டீலை இழுத்தா வால்யூம் கூடும். ஒரு கணக்கு போட்டே பாத்துடலாம்.

20 மிமீ விட்டம் உள்ள மைல்ட் ஸ்டீல் ராடு. நாம கவனிக்கிற நீளம் 200 மிமீ. 60 கிலோநியூட்டன் லோடுல நேரா இழுக்குறோம். யங் மாடுலஸ் 2 லட்சம் நியூட்டன்/மிமீ², பாய்சான் விகிதம் 0.3ன்னு வச்சுக்கலாம். குறுக்குவெட்டுப் பரப்பு 314.16 மிமீ². லோடை அதால வகுத்தா ஸ்ட்ரெஸ் 191 நியூட்டன்/மிமீ². சாதாரண மைல்ட் ஸ்டீல் 250 பக்கத்துலதான் யீல்டு ஆகும், அதனால நாம பத்திரமா எலாஸ்டிக் பகுதியிலதான் இருக்கோம். இந்த ஒரு வரியை எழுதாம மேல போகக் கூடாது. ஏன்னு கடைசியில வரும்.

```
ε  = 191 / 200000     = 0.000955
δL = 0.000955 × 200   = 0.191 mm
ε' = 0.3 × 0.000955   = 0.0002865
δd = 0.0002865 × 20   = 0.00573 mm
```

நீளம் 0.191 மிமீ கூடுது. விட்டம் 0.00573 மிமீ குறையுது, அதாவது ஆறு மைக்ரானுக்கும் கொஞ்சம் கம்மி. நம்ம தலைமுடியோட தடிமன்ல பத்துல ஒரு பங்கு கூட இருக்காது.

இப்போ வால்யூம். ராடோட வால்யூம் πd²L/4. இதுல நீளம் ஒரு தடவைதான் வருது, விட்டம் வர்க்கமா வருது. அதனால சின்ன மாற்றங்களுக்கு, நீளத்தோட ஸ்ட்ரெயினை ஒரு தடவையும் விட்டத்தோட ஸ்ட்ரெயினை ரெண்டு தடவையும் கூட்டணும். விட்டம் சுருங்குறதால அது மைனஸ்ல வருது.

```
δV/V = ε - 2νε = ε(1 - 2ν)
```

அந்த 2 எங்கிருந்து வந்துச்சுன்னு சிலருக்கு சந்தேகம் வரும். சதுர ராடா நினைச்சுப் பாருங்க: அகலமும் சுருங்குது, தடிமனும் சுருங்குது, ரெண்டு திசை. வட்ட ராடுலயும் அதே ரெண்டு திசைதான், ரெண்டையும் ஒரே விட்டத்தால சொல்லிடுறோம், அவ்வளவுதான்.

நம்ம ராடுக்கு 1 - 2ν = 0.4. வால்யூம் ஸ்ட்ரெயின் 0.000382. முதல்ல இருந்த வால்யூம் 62,832 மிமீ³. பெருக்கினா 24 மிமீ³ கூடுது. ஒரு சொட்டுத் தண்ணியில பாதி அளவு. நீளத்தால கிடைச்சது 60 மிமீ³, விட்டம் சுருங்கினதால போனது 36 மிமீ³, மிச்சம் 24. புதுசா இரும்பு எதுவும் வந்து சேரல, எடை அதேதான். அணுக்களுக்கு நடுவுல இருக்கிற சராசரி இடைவெளி கொஞ்சம் கூடியிருக்கு, டென்சிட்டி அந்த அளவுக்குக் குறைஞ்சிருக்கு. லோடை எடுத்தா அந்த 24ம் திரும்பிப் போயிடும். இழுக்காம அமுக்கினா இதே 24 குறையும்.

ஃபார்முலா எதுக்கு, புது நீளத்தையும் புது விட்டத்தையும் வச்சு நேரா வால்யூம் கண்டுபிடிச்சுக் கழிச்சுடலாமேன்னு தோணும். தப்பில்ல, ஆனா அங்க ஒரு குழி இருக்கு. வழக்கம் போல ரெண்டு தசம இடத்துக்கு ரவுண்ட் பண்ணி விட்டம் 19.99, நீளம் 200.19ன்னு கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க. வால்யூம் 62,828.7 வரும். பழைய வால்யூமை விட 3 மிமீ³ கம்மி! கூட வேண்டியது குறைஞ்சு நிக்குது, சைனே மாறிப் போச்சு. விட்டத்தை 19.9943, நீளத்தை 200.1910ன்னு நாலு இடம் வரைக்கும் வச்சுப் போட்டா 24.2 கூடுதுன்னு சரியா வரும். ரெண்டு பெரிய எண்ணைக் கழிச்சு சின்ன எண்ணை எடுக்கிற எல்லா இடத்துலயும் இந்தப் பிரச்சனை உண்டு. அதனாலதான் ஸ்ட்ரெயினை வச்சே போறது நல்லது.

இதே குழி லேப்ல இன்னும் ஆழமா இருக்கு. புத்தகத்துல அடிக்கடி வர்ற கேள்வி, "நீளத்துல இவ்வளவு மாற்றம், விட்டத்துல இவ்வளவு மாற்றம், பாய்சான் விகிதம் கண்டுபிடி". பேப்பர்ல ரெண்டு நிமிஷ வேலை. நிஜத்துல அந்த விட்ட மாற்றத்தை யார் அளந்தாங்க, எதை வச்சு அளந்தாங்க? நம்ம ராடுல அது 0.0057 மிமீ. வெர்னியரோட லீஸ்ட் கவுண்ட் 0.02. சாதாரண மைக்ரோமீட்டரோடது 0.01. லோடு போடுறதுக்கு முன்னாடியும் அப்புறமும் மைக்ரோமீட்டர்ல ரீடிங் எடுத்தா வித்தியாசம் ஒண்ணு பூஜ்யமா வரும், இல்ல 0.01ஆ வரும். நடுவுல எதுவும் கிடையாது.

பூஜ்யம்னா பாய்சான் விகிதமும் பூஜ்யம். அது கார்க்குக்குப் பக்கத்துல வர்ற மதிப்பு, ஸ்டீலுக்கு இல்ல. 0.01ன்னு எடுத்தா?

```
ε' = 0.01 / 20           = 0.0005
ν  = 0.0005 / 0.000955   = 0.52
```

இதை அப்படியே ரெக்கார்டுல எழுதிட்டா அடுத்த வரியில 1 - 2ν மைனஸ் ஆகிடும். இழுத்தா வால்யூம் குறையுதுன்னு அர்த்தம். பல்க் மாடுலஸ் E/3(1 - 2ν); அதுவும் மைனஸ். அப்படி ஒரு பொருளை எல்லாப் பக்கமும் அமுக்கினா அது பெருசாகணும்! எல்லாத் திசையிலயும் ஒரே குணம் உள்ள பொருளுக்கு அது நடக்காது. அதனால ஸ்டீலுக்கு 0.5க்கு மேல ஒரு விடை வந்தா, வேற எதையும் தேட வேண்டாம், விட்டத்தை அளந்த இடத்துலதான் தப்பு. 0.27ல இருந்து 0.30 வரைக்கும் வந்தா நம்பலாம்.

அப்போ இதை எப்படித்தான் அளக்குறது? ஸ்ட்ரெயின் கேஜ். ராடு மேல நீளவாக்குல ஒண்ணு, அதுக்குக் குறுக்கே ஒண்ணு ஒட்டணும். நம்ம லோடுல நீளவாக்கு கேஜ் கிட்டத்தட்ட 955 மைக்ரோஸ்ட்ரெயின் காட்டும், குறுக்கு கேஜ் மைனஸ் 286 காட்டும். ரெண்டாவதை முதலாவதால வகுத்தா 0.3. இதுல ரெண்டு ரீடிங்கும் எதிரெதிர்ப் பக்கமா அஞ்சு அஞ்சு தப்பிப் போனாக் கூட விடை 0.29ல இருந்து 0.31க்குள்ளதான் இருக்கும். மைக்ரோமீட்டரோட பூஜ்யத்தையும் 0.52ஐயும் இதோட ஒப்பிட்டுப் பாருங்க.

ஒட்டும்போது ஒரு விஷயம். யுடிஎம் கிரிப்புல ராடு துளி சாய்ஞ்சு உக்காந்தாலும் இழுவையோட வளைவும் சேர்ந்துக்கும். அப்போ ஒரு பக்கம் ஸ்ட்ரெயின் அதிகமாவும் எதிர்ப்பக்கம் கம்மியாவும் இருக்கும். அதனால எதிரெதிர்ப் பக்கத்துல ஒரு ஜோடி வச்சு சராசரி எடுக்கணும். ஒரே லோடுல நிறுத்தாம 10, 20, 30ன்னு 60 கிலோநியூட்டன் வரைக்கும் ஏத்தி, குறுக்கு ஸ்ட்ரெயினை நீளவாக்கு ஸ்ட்ரெயினுக்கு எதிரா கிராஃப் போட்டு சாய்வை எடுத்தா இன்னும் நல்லது. ஆரம்பத்துல கிரிப் இறுகுற சமயத்துல வர்ற குளறுபடி சாய்வைப் பாதிக்காது.

மேல வந்த 24 மிமீ³ இவ்வளவு முழு எண்ணா எப்படி வந்துச்சுன்னு யாராவது யோசிச்சிருப்பீங்க. ஃபார்முலாவை விரிச்சா பரப்பு அடிபட்டுப் போயிடும்:

```
δV = P L (1 - 2ν) / E
   = 60000 × 200 × 0.4 / 200000 = 24 mm³
```

விட்டமே இல்ல பாருங்க! 40 மிமீ ராடை எடுத்து அதே லோடு, அதே நீளம் வச்சாலும் 24தான். வால்யூம் நாலு மடங்கு ஆகுது, ஸ்ட்ரெயின் நாலுல ஒண்ணாகுது, சரியாப் போச்சு. விட்ட மாற்றம் அப்படி இல்ல. தடிச்ச ராடுல அது பாதியாக் குறைஞ்சு 0.00287 மிமீ ஆகிடும். எனக்கு இந்த எஸ்ஓஎம் யூனிட்லயே ரொம்பப் பிடிச்ச வரி இதுதான். ஆனா ஒரு கண்டிஷன். 10 மிமீ ராடுக்கும் 24ன்னு எழுதிடாதீங்க. அதுல அதே லோடுக்கு ஸ்ட்ரெஸ் 764 வருது, மைல்ட் ஸ்டீல் அதுக்கு ரொம்ப முன்னாடியே அறுந்திருக்கும்.

முதல்லயே யீல்டைப் பார்க்கச் சொன்னது இதுக்குத்தான். யீல்டைத் தாண்டினதும் கதை மாறிடுது. அணு அடுக்குகள் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கி நகருறதாலதான் ராடு நீளுது, அந்த நகர்வுல வால்யூம் மாறாது. ஆக, சப்பாத்தி மாவுக் கணக்கு ஸ்டீலுக்கும் பொருந்துற இடம் இதுதான். உதாரணத்துக்கு நெக் விழுறதுக்கு முன்னாடி ராடு 10 சதவீதம் நீண்டிருக்குன்னு வைங்க. 0.3ஐப் போட்டா விட்டம் 3 சதவீதம் குறைஞ்சு 19.4 மிமீ ஆகணும். வால்யூம் மாறலன்னு போட்டா 20ஐ √1.1 ஆல வகுக்கணும், 19.07 மிமீ வரும்.

இந்த வித்தியாசம் 0.33 மிமீ. இதுக்கு வெர்னியரே தாராளமாப் போதும். அடுத்த தடவை டென்ஷன் டெஸ்ட் பண்ணும்போது ராடு மேல 20 மிமீ இடைவெளியில பஞ்ச் மார்க் வைங்க. அறுந்த அப்புறம் நெக்குல இருந்து தள்ளி, கிரிப் கிட்டயும் போகாம, நடுவுல இருக்கிற ரெண்டு மார்க்கை எடுத்துக்கோங்க. 20 எவ்வளவா நீண்டிருக்குன்னு அளந்துட்டு, அதே இடத்துல விட்டத்தை ரெண்டு குறுக்குத் திசையில அளந்து சராசரி எடுங்க. பழைய வால்யூமும் புது வால்யூமும் வெர்னியர் பிழைக்குள்ள ஒண்ணா வரும். நெக் மேலயே அளந்தீங்கன்னா எதுவும் ஒத்துவராது, ஏன்னா அங்க ஒவ்வொரு மில்லிமீட்டர் தள்ளினாலும் விட்டம் வேற.