எழுபது சென்டிமீட்டர் துண்டு விழுந்தால்

குளத்தைக் குறுக்கே நடந்து அளக்க முடியாது. கரையோடு சுற்றித்தான் அளக்க வேண்டும். நான்கு மூலைகளில் அ, ஆ, இ, ஈ என்று முளை அடிக்கிறோம். ஒவ்வொரு முளையிலும் நின்று, அடுத்த முளை வடக்கிலிருந்து எத்தனை பாகை தள்ளியிருக்கிறது என்று திசைகாட்டியில் பார்க்கிறோம். தூரத்தை டேப் சொல்லும். புறப்பட்ட முளைக்கே திரும்பி வருவதால் இதற்கு மூடிய டிராவர்ஸ் என்று பெயர்.

இப்படி ஒரு குளத்தை அளந்ததாக வைத்துக்கொள்வோம்:

அ–ஆ: 60 பாகை, 80 மீட்டர்
ஆ–இ: 150 பாகை, 60 மீட்டர்
இ–ஈ: 240.5 பாகை, 80 மீட்டர்
ஈ–அ: 330 பாகை, 60 மீட்டர்

தூரத்தைக் கோணத்தின் சைனால் பெருக்கினால் கிழக்கே எவ்வளவு போனோம் என்று தெரியும். கொசைனால் பெருக்கினால் வடக்கே எவ்வளவு என்று தெரியும். அ–ஆ கோட்டில் கிழக்கே 69.28 மீட்டர், வடக்கே 40 மீட்டர். மேற்கும் தெற்கும் கழித்தல் குறியோடு வரும். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டதால் இரண்டு கூட்டலும் பூஜ்யமாக வேண்டும். ஆனால் காகிதத்தில் மேற்கே 35 சென்டிமீட்டர், வடக்கே 61 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறோம். நேர்கோட்டில் சுமார் 70 சென்டிமீட்டர் இடைவெளி.

மொத்தம் நடந்தது 280 மீட்டர். பிழை நானூற்றில் ஒரு பங்கு. திசைகாட்டியில் அரைப் பாகை பிசகினாலே 80 மீட்டருக்கு அப்பால் 70 சென்டிமீட்டர் விலகிவிடும். ஆகவே இது கருவியின் இயல்பான பிழைதான்; பங்கிட்டுவிடலாம்.

பங்கிடும் முறையை 1808-இல் ஒரு பரிசுக் கேள்விக்கு விடையாகச் சொன்னவர் அமெரிக்கக் கணித அறிஞர் நத்தானியேல் பௌடிச். கோடு எவ்வளவு நீளமோ அந்த விகிதத்தில் பிழையில் அதற்குப் பங்கு. ஆ முளைக்கு வரும்போது 280-இல் 80 மீட்டர் நடந்திருக்கிறோம், அதாவது ஏழில் இரண்டு பங்கு. அதனால் ஆ முளையைக் கிழக்கே 10 சென்டிமீட்டரும் தெற்கே 17 சென்டிமீட்டரும் நகர்த்துகிறோம். பாதி வழியில் உள்ள இ முளைக்குப் பாதித் திருத்தம். ஈ முளைக்குக் கிழக்கே 27.5, தெற்கே 48. கடைசியில் முழுத் திருத்தமும் சேர்ந்து, கோடு அ முளையில் வந்து முட்டிவிடும்.

இடைவெளி ஏழு மீட்டராக இருந்தால் பங்கிடவே கூடாது. எங்கோ தவறு நடந்திருக்கிறது. ஒரு கோட்டை இரு முனைகளிலிருந்தும் பார்த்தால் கோணங்களின் வித்தியாசம் 180 பாகை வர வேண்டும். வராவிட்டால் பக்கத்து இரும்பு வேலி முள்ளை இழுத்திருக்கலாம். இடைவெளி ஏதாவது ஒரு கோட்டின் போக்கிலேயே இருந்தால், முதலில் அந்தக் கோட்டின் டேப் அளவைச் சரிபாருங்கள்.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்காது. டேப்பே நீண்டுபோயிருந்தால் எல்லாக் கோடும் ஒரே விகிதத்தில் குறையும். படம் அழகாக மூடிக்கொள்ளும், குளத்தின் பரப்பு மட்டும் தவறாக இருக்கும். ஆகவே முதல் முளை அடிக்கும் முன்பே டேப்பைச் சரிபார்த்துவிடுங்கள்.