இன்சுலின் கையேடு: ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் வேண்டும், ஆனால் அத்தைக்குப் புரிய வேண்டும்

பெங்களூரு ஈஜிபுராவில் நடக்கும் ஒரு சர்க்கரை நோய் முகாமுக்காக, இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு ஒரு பக்கக் கையேடு எழுதித் தரச் சொல்லி உங்களிடம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் டாக்டர் இல்லை, ஆனால் நன்றாக எழுதுவீர்கள். எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம் நோயாளி படிக்கப்போகும் வரி, வலது பக்கம் அதற்கான ஆதாரம். வலது பக்கம் அச்சுக்குப் போகாது. முகாம் டாக்டர் சரிபார்ப்பதற்காக மட்டுமே அது. வலது பக்கம் காலியாக இருந்தால், இடது பக்க வரியை அடித்துவிடுங்கள்.

எந்த சிரிஞ்ச்?

இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் யு-40, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். பேனாவில் வருவது பெரும்பாலும் யு-100. குப்பியிலும் யு-100 உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்ச் யு-40க்கு, ஆரஞ்சு மூடி யு-100க்கு.

மாற்றி எடுத்தால் என்ன ஆகும்? டாக்டர் சொன்னது 20 யூனிட். யு-100 மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அது அரை மில்லி. உடம்புக்குள் போவது 50 யூனிட். சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். யு-40 மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 0.2 மில்லி, வெறும் 8 யூனிட். சர்க்கரை போதிய அளவு குறையாது.

இந்தக் கணக்கெல்லாம் வலது பத்தியில் இருக்கட்டும். கையேட்டில் இவ்வளவு போதும்: "பாட்டில்ல 40ன்னு இருந்தா சிவப்பு மூடி ஊசி. 100ன்னு இருந்தா ஆரஞ்சு மூடி ஊசி. சந்தேகமா இருந்தா போடாதீங்க, கேளுங்க." பக்கத்தில் இரண்டு சிரிஞ்சின் கலர் படம்.

எங்கே போடுவது?

பல கையேடுகளில் இப்படி ஒரு வரி பார்க்கலாம்: "உட்செலுத்தும் இடங்களைச் சுழற்சி முறையில் மாற்றுவது கொழுப்புத் திசு மிகைவளர்ச்சியைத் தவிர்க்கும்." தகவல் சரிதான். ஆனால் படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை.

இப்படி மாற்றலாம்: "நேத்து போட்ட இடத்துல இன்னைக்குப் போடாதீங்க. ஒரு விரல் அகலம் தள்ளிப் போடுங்க. தடவிப் பாருங்க, கட்டி மாதிரி இருந்தா அங்கே வேண்டாம்."

இதற்கான ஆதாரம், 2013இல் வெளியான ஸ்பெயின் ஆய்வு. இன்சுலின் போடும் 430 பேரைச் சோதித்ததில், மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு அந்தக் கட்டி இருந்தது. இடத்தைச் சரியாக மாற்றிப் போட்டவர்களில் 5 சதவீதம் பேருக்கு மட்டுமே இருந்தது.

இங்கே ஒரு ஆபத்தும் உண்டு. கட்டியில் போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. அதே அளவை நல்ல இடத்தில் போட்டால் சர்க்கரை திடீரென இறங்கலாம். அதனால் இன்னொரு வரியும் கட்டாயம்: "இத்தனை நாளா கட்டியிலயே போட்டிருந்தா, இடம் மாத்துறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லுங்க."

ஃபிரிட்ஜ் இல்லையென்றால்?

"ஃபிரிட்ஜில் வைக்கவும்" என்று மட்டும் எழுதினால், ஃபிரிட்ஜ் இல்லாதவர் என்ன செய்வார்? ஜெனீவா பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் கென்யாவின் ஒரு அகதி முகாமில் இருந்த வெப்பநிலையை வைத்துச் சோதித்தன. 2021இல் முடிவு வெளியானது. 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் இருந்தும் இன்சுலினின் வீரியம் பெரிதாகக் குறையவில்லை.

பெங்களூரில் வெயில் 37 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். ஆனால் தகரக் கூரை வீட்டுக்குள் சூடு அதிகமாக இருக்கும். அதனால் வரி இப்படி: "திறந்த பாட்டிலை வீட்டுல குளிர்ச்சியான, வெயில் படாத இடத்துல வைங்க. திறந்த தேதியை எழுதுங்க. நாலு வாரம் ஆனா புதுசு எடுங்க. ஐஸா உறைஞ்சு போனதைப் போடவே போடாதீங்க." மருந்துப் பெட்டியில் இதைவிடக் குறைவான நாளோ வெப்பமோ போட்டிருந்தால், அதைத்தான் கேட்க வேண்டும்.

புரிகிறதா என்று எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் இத்தகைய கையேடுகள் ஆறாம் வகுப்பு வாசிப்பு நிலையைத் தாண்டக் கூடாது என்பார்கள். அதை அளக்கும் ஆங்கில சூத்திரங்கள் வார்த்தையின் அசைகளை எண்ணுகின்றன. "போட்டுக்கொள்ளாதவர்களுக்கு" என்று ஒரே வார்த்தை எழுதும் தமிழுக்கு அது ஒத்துவராது. ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லி, சத்தமாக வாசித்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

ஈஜிபுராவில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் தமிழ் பேசும் பலர் பள்ளியில் படித்தது கன்னடம். தமிழ் எழுத்து அவர்களுக்கு வராமல் இருக்கலாம். பின்பக்கம் அதையே கன்னடத்தில் அச்சிடுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் நாலைந்து பேரிடம் கையேட்டைக் கொடுங்கள். "புரிஞ்சுதா அத்தை?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதிலாக ஒரு காலிக் குப்பியையும் இரண்டு சிரிஞ்சுகளையும் முன்னால் வைத்து, "இதுக்கு எந்த ஊசி எடுப்பீங்க?" என்று கேளுங்கள். கை தவறான சிரிஞ்சுக்குப் போனால், திருத்த வேண்டியது உங்கள் வரியைத்தான்.