தினம் ஒரு பதிவா, மாதம் எட்டா? – ஒரு தையல் கடைக் கணக்கு



வீட்டிலேயே முதல் ஆளாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. தெருவில் யார் போனில் என்ன சந்தேகம் வந்தாலும் "தம்பி கம்ப்யூட்டர் படிக்குது, அதைக் கேளு" என்று நம்மிடம்தான் அனுப்புவார்கள். அப்படி என்னிடம் வந்த ஒரு கேள்விக்கு நான் சொன்ன விளக்கமே இந்தக் கட்டுரை.

தாம்பரம் மேற்கில், சண்முகம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் பிளவுஸ் தைக்கும் கடை ஒன்று இருக்கிறது. மெஷின் இரண்டு, ஆரி ஒர்க் செய்யும் சட்டம் ஒன்று. அந்தக் கடைக்குத்தான் எங்கம்மா ஹெம்மிங் செய்து, கொக்கி கட்டிக் கொடுக்கிறார்கள். கூலி பிளவுஸ் கணக்கு. கடைக்கு ஆர்டர் வந்தால் எங்கள் வீட்டுக்கும் காசு வரும். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, ஆர்டரும் குறைவு. ஆவணி பிறந்தால் எல்லோரும் ஒரே வாரத்தில் துணியோடு வந்து நிற்பார்கள், பாதிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

கடைக்கார அக்காவிடம் ஒருவர் வந்து, மாதம் 4,000 ரூபாய் கொடுத்தால் இன்ஸ்டாகிராமில் தினமும் ஒரு படமும் கேப்ஷனும் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "தினமும் போட்டாத்தான் ஜனங்களுக்கு ஞாபகம் இருக்குமாம். நீ என்ன சொல்றே தம்பி?" என்று அக்கா கேட்டார்கள். 4,000 ரூபாய் என்பது எங்கம்மா எத்தனை பிளவுஸுக்குக் கொக்கி கட்டினால் வரும் என்று எனக்குத் தெரியும். ஆகவே கொஞ்சம் பொறுமையாகவே விளக்கினேன்.

அக்காவின் மனதில் இருந்தது நோட்டீஸ் கணக்கு. ஸ்டேஷன் வாசலில் 30 நாள் நோட்டீஸ் கொடுத்தால் 30 நாளும் ஆட்கள் கையில் விழும். இன்ஸ்டாகிராம் அப்படி இல்லை. 2016 வரைக்கும் அதில் பதிவுகள் போட்ட நேர வரிசையில்தான் வந்தன. அந்த ஆண்டு அந்தக் கம்பெனியே, தங்கள் பக்கத்துக்கு வரவேண்டிய பதிவுகளில் சராசரியாக 70 சதவீதத்தை மக்கள் பார்ப்பதே இல்லை என்று சொல்லி, வரிசையை மாற்றியது. அதன்பிறகு யாருக்கு எது பிடிக்கும் என்று கணித்து, அதை மேலே காட்டுகிறது. எதை வைத்துக் கணிக்கிறது என்பதை அதன் தலைவர் ஆடம் மொசேரி 2021-ல் விளக்கினார். இந்த ஆள் இந்தப் பதிவில் சில விநாடி நிற்பாரா, லைக் போடுவாரா, கருத்து எழுதுவாரா, சேமித்து வைப்பாரா, கடையின் படத்தைத் தொட்டு உள்ளே போவாரா – இவைதான் முக்கியமான கணிப்புகள். நமக்கும் அந்தக் கடைக்கும் இதற்கு முன் என்ன தொடர்பு இருந்தது என்பதும் கணக்கில் வரும்.

"அப்படின்னா 'இனிய காலை வணக்கம்'னு போட்டா யார் நிப்பா அக்கா?" என்று கேட்டேன். அதற்கு முந்தைய மாதம் அக்காவே போட்டிருந்த பதிவுகளைத் திறந்து பார்த்தோம். முக்கால்வாசி ஒரே வாசகம்: "இனிய காலை வணக்கம்! அழகிய டிசைன்கள் நம் கடையில்! விலைக்கு இன்பாக்ஸ் வரவும்." படம் மட்டும் மாறியிருந்தது. இதைப் பார்ப்பவருக்கு நிற்கக் காரணமில்லை, சேமிக்கவும் எதுவும் இல்லை. நிற்காமல் தள்ளிவிட்டுப் போகப் போக, அடுத்த பதிவை அவருக்கு மேலே காட்டவும் காரணம் குறைகிறது. ஞாபகப்படுத்தத்தான் தினமும் போடுகிறோம், ஆனால் நடப்பது அதற்கு நேர் எதிர்.

அடுத்தது கேப்ஷனின் முதல் இரண்டு வரி. ஒரு கேப்ஷனில் 2,200 எழுத்துக் குறிகள் வரை எழுதலாம். ஆனால் தள்ளிக்கொண்டே போகிறவர் கண்ணில் படுவது ஆரம்பத்தில் இருக்கும் ஓரிரு வரிதான். அதற்குப் பின் "more" என்று வந்துவிடும். (அக்கா அதை "மோர்" என்றே படிப்பார்கள்; "மோரைத் தொட்டா மீதி வரும்" என்று எங்கம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்!) ஆகவே வணக்கம், ஆச்சரியக்குறி, பூ பொம்மை எல்லாம் அந்த இரண்டு வரியைத் தின்றுவிடக் கூடாது. என்ன பொருள், எந்த ஊர், எவ்வளவு, எப்போது கிடைக்கும் – வருபவர் கேட்கும் இந்த நாலும் அங்கேயே இருக்க வேண்டும். ஊர் பெயருக்கு இன்னொரு பயனும் உண்டு. இன்ஸ்டாகிராமில் தேடுபவர்களுக்குப் பதிவு கிடைக்க வேண்டுமென்றால் தேடும் சொல் கேப்ஷனுக்குள்ளேயே இருப்பது நல்லது என்று அந்தக் கம்பெனியே 2021-ல் சொல்லியிருக்கிறது. "நம் கடையில்" என்று யாரும் தேடுவதில்லை. "தாம்பரம் ஆரி பிளவுஸ்" என்றுதான் தேடுவார்கள்.

இங்கே நம் படிப்பு சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சிலர் கடைப் பெயரை ஆங்கிலத்தில் வளைவு வளைவான அலங்கார எழுத்தில் போடுவார்கள். அவை வேறு ஃபாண்ட் இல்லை. யூனிகோடில் கணிதத்துக்காக ஒதுக்கிய தனிக் குறிகள். கண்ணுக்கு 'B' மாதிரி தெரிந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது வேறு குறி. தேடலில் மாட்டாமல் போகலாம், பார்வையற்றவர்களுக்குப் படித்துக் காட்டும் மென்பொருளும் தடுமாறும். சாதாரண எழுத்தே போதும்.

எனக்கு மிக முக்கியமாகப் பட்டது தேதிக் கணக்குதான். அக்காவின் ஆர்டர் நோட்டை வாங்கி, பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போட்டோம். ஆவணி பிறப்பது ஆகஸ்ட் 17 வாக்கில். கழுத்துக்கும் கைக்கும் ஆரி வேலை செய்ய, நடுவில் வரும் மற்ற வேலையோடு சேர்த்து, கடைக்கு 10 நாள் வேண்டும். பிறகு வெட்டித் தைக்க, போட்டுப் பார்த்துத் திருத்த, ஹெம்மிங் கொக்கிக்கு இன்னும் 4 நாள். ஆக ஆவணி முதல் முகூர்த்தத்துக்குத் துணி ஜூலை கடைசிக்குள், அதாவது ஆடி 15-க்குள் கைக்கு வந்தாக வேண்டும். வாடிக்கையாளர் யோசித்து, தெரிந்தவர்களைக் கேட்டு, புடவையில் இருந்து பிளவுஸ் துணியை வெட்டி எடுத்து வர இரண்டு மூன்று வாரம் விடுவோம். அப்படியானால் கேப்ஷன் வெளிவர வேண்டியது ஜூலை இரண்டாம் வாரம், ஆனி மாதக் கடைசியில். ஆவணியில் தினமும் போட்டு என்ன லாபம்? அப்போது இரண்டு மெஷினும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். வருகிற ஆளைத் திருப்பி அனுப்பத்தான் அந்த விளம்பரம் உதவும்.

அந்தக் கணக்கில் எழுதிய கேப்ஷன் இது:

"தாம்பரம் மேற்கில் ஆரி பிளவுஸ், ரூ.1,800 முதல். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு வேண்டுமென்றால் துணியை ஆடி 15-க்குள் கொடுங்கள். பிளவுஸ் துணி, லைனிங், சரியாகப் பொருந்தும் ஒரு அளவு பிளவுஸ் கொண்டு வரவும். படத்தில் உள்ள கழுத்து வேலை ரூ.2,400. ஞாயிறு மதியம் வரை கடை உண்டு."

விலையைப் போட அக்கா முதலில் சம்மதிக்கவில்லை. "பக்கத்துக் கடைக்காரங்க பாத்துடுவாங்களே" என்றார்கள். பார்க்கத்தான் பார்ப்பார்கள். ஆனால் "விலைக்கு இன்பாக்ஸ்" என்று போட்டால், கேட்கக் கூச்சப்படுகிறவர் கேட்காமலேயே போய்விடுவார். கேட்கிறவருக்கும் மெஷினை நிறுத்திவிட்டுப் பதில் எழுத வேண்டும். "முதல்" என்ற சொல்லைச் சேர்த்த பிறகு அக்கா ஒத்துக்கொண்டார்கள்.

சரி, மாதம் எட்டு கேப்ஷனுக்கு விஷயத்துக்கு எங்கே போவது? கடையிலேயே இருக்கிறது. ஒரு வாரம் வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளை நோட்டின் பின்பக்கம் குறிக்கச் சொன்னேன். "உடம்பு போட்டா பிரிச்சு விட உள்ளே துணி விடுவீங்களா?" "அம்மாவோட பழைய பட்டுல ஆரி போட்டா கிழியுமா?" "லைனிங் துணி சுருங்குமா?" ஒவ்வொரு கேள்வியும் ஒரு கேப்ஷன். லைனிங்கை முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டுகிறார்கள்; பக்கத்தில் ஒரு அங்குலம் துணி உள்ளே விடுகிறார்கள். இது அக்காவுக்குச் சாதாரண விஷயம், வாடிக்கையாளருக்குப் பெரிய செய்தி. மடித்த தையலின் உட்பக்கத்தைப் படம் எடுத்து இதை எழுதினால், பிளவுஸ் தைக்கக் கொடுக்கும் எந்தப் பெண்ணும் ஒரு நிமிஷம் நிற்பார், அக்காள் தங்கைக்கும் அனுப்புவார். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து எட்டையும் எழுதி வைத்துவிட்டோம். தினமும் காலையில் அரைமணி நேரம் போனும் கையுமாக இருந்தது மிச்சம். அது துணி வெட்டும் நேரம்.

இன்னொன்று, பதிவு அன்றோடு முடிவதில்லை. மூன்று மாதம் கழித்து ஒருவர் தேடி வந்தாலும் கடையின் பக்கத்தில் முதலில் பார்ப்பது கடைசியாகப் போட்ட ஒன்பது பத்துப் படங்கள்தான். அது முழுக்கக் காலை வணக்கமாக இருந்தால், ஆரி வேலையைக் கீழே தோண்டித்தான் எடுக்க வேண்டும். நல்ல பதிவுகள் மூன்றை மேலேயே குத்தி வைக்கும் வசதி இருக்கிறது. விலைப் பதிவையும், துணி விடும் பதிவையும், வழி சொல்லும் பதிவையும் அங்கே வைத்தோம். விலை ஏறினால் பழைய கேப்ஷனைத் திருத்த மறக்கக் கூடாது. ஜனங்கள் பழைய விலையைக் காட்டிச் சண்டைக்கு வருவார்கள், அது நியாயமும்தான்.

அப்படியென்றால் தினமும் போடுவதே தப்பா? இல்லை. "இன்னிக்கு ரெண்டு பிளவுஸுக்கு இடம் இருக்கு", "கரண்ட் இல்லை, நாளைக்கு வாங்க" போன்றவை தினச் செய்திகள். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் ஸ்டோரியும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் அதற்குத்தான் இருக்கின்றன. மொசேரியும் 2021-ல் வாரத்துக்கு ஓரிரு பதிவு, நாளுக்கு ஓரிரு ஸ்டோரி என்றுதான் யோசனை சொன்னார். நம் முடிச்சூர் ரோட்டில் மெஸ் நடத்துபவருக்கு தினமும் குழம்பு மாறும், சாப்பிடுபவர் தினமும் முடிவெடுப்பார். அவருக்குத் தினசரிதான் சரி. பிளவுஸுக்கு ஒருவர் வருஷத்தில் நாலைந்து தடவைதான் முடிவெடுக்கிறார்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, அதே வெற்று வாசகத்தைப் போட்டால் ஒரு பலனும் இல்லை. 30 காலை வணக்கம் எட்டுக் காலை வணக்கமாகும், அவ்வளவுதான்!

பலன் தெரிகிறதா என்று பார்க்க லைக்கை மட்டும் எண்ணிப் பயனில்லை. அக்காவுக்கு லைக் போட்டதில் பாதி சொந்தக்காரர்களும் மற்ற தையல் கடைக்காரர்களும்தான். கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்றினால், காசில்லாமலே ஒவ்வொரு பதிவையும் எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்பினார்கள் என்று பார்க்கலாம். அதைவிட நம்பகமானது ஆர்டர் நோட்டு. புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "எதைப் பாத்து வந்தீங்க?" என்று கேட்டு, பெயருக்குப் பக்கத்தில் ஒரு எழுத்துப் போடச் சொன்னேன்: இன்ஸ்டாகிராமுக்கு 'இ', தெரிந்தவர் சொன்னதற்கு 'தெ', போர்டு பார்த்ததற்கு 'போ'. துணி கொடுத்த தேதியையும் சேர்த்து.

ஒரு பருவத்தை வைத்துக்கொண்டு ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. புடவைக் கடைகளின் ஆடித் தள்ளுபடியும் ஆட்களைக் கொண்டு வந்திருக்கலாம். ஆனால் அந்த வருடம் ஆடி முதல் பாதியிலேயே நோட்டில் 'இ' எழுத்துகள் வர ஆரம்பித்தன, எங்கம்மாவுக்கு ஆடியிலும் கொக்கி வேலை இருந்தது. மாதம் 4,000 கேட்டவருக்கு அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை. தை முகூர்த்தத்துக்கான எட்டுக் கேப்ஷனை எழுத, கார்த்திகையிலேயே வரச் சொல்லியிருக்கிறார்கள்.